டிக்கெட்டில் எழுதியிருக்கும் காற்று

"தம்பி, கதவைச் சாத்திவிட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விமானம் நிற்கிறது. என்னை விடமாட்டேன் என்கிறார்கள்."

அத்தை துபாயிலிருந்து யாரோ ஒரு பிள்ளையின் போனை வாங்கிப் பேசினார். நம் நேரப்படி பகல் ஒன்று பத்து இருக்கும். மன்னார்குடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என் டிக்கெட் கடையைப் பூட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பொங்கல் முடிந்த வாரம் அது. பெண்ணின் பிரசவத்துக்காக அத்தை லண்டன் கிளம்பியிருந்தார். திருச்சியிலிருந்து துபாய், துபாயிலிருந்து லண்டன். டிக்கெட் போட்டுக் கொடுத்தவன் நான்.

நடுவில் 1 மணி 20 நிமிட இடைவெளி. கணினி அதைச் சரி என்று காட்டியது, விலையும் குறைவாக இருந்தது, போட்டுவிட்டேன். அதற்கு முன் நூறு பேருக்காவது அப்படிப் போட்டிருப்பேன். நூறு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். சொந்த அத்தைக்குப் போட்டபோது மாட்டிக்கொண்டேன்.

அன்று இரவு அந்தப் பயணத்தின் ஒவ்வொரு நிமிடத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். முதலில் டிக்கெட்டில் இருந்த கணக்கு. திருச்சியில் காலை 7.40க்குப் புறப்பாடு, துபாயில் அங்குள்ள நேரம் 10.35க்கு வருகை. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால் மொத்தம் 4 மணி 25 நிமிடம். இதில் பலர் தவறாகப் புரிந்துகொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. 4.25 என்பது வானத்தில் பறக்கும் நேரம் அல்ல. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அங்கே போய் நிற்பது வரைக்குமான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்துபோக ஒரு பத்து நிமிடம், இறங்கி ஊர்ந்துபோக ஒரு பத்து நிமிடம், எதற்கும் இருக்கட்டும் என்று நிறுவனம் சேர்த்துக்கொள்ளும் சில நிமிடங்கள். இவற்றைக் கழித்தால் பறப்பதற்கு ஏறத்தாழ 3 மணி 58 நிமிடம்தான்.

அதே விமானம் துபாயிலிருந்து திருச்சிக்குத் திரும்பி வரும் டிக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். 3 மணி 50 நிமிடம் என்று போட்டிருந்தது. போவதற்கு 4.25, வருவதற்கு 3.50. ஒரே தூரம், ஒரே விமானம், 35 நிமிட வித்தியாசம். பல வருடமாக என் கண் முன்னால் கிடந்த எண்கள் இவை. கழித்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

பாமணியாற்றில் தண்ணீர் வந்ததும் ஒரு படித்துறையிலிருந்து அடுத்த படித்துறைக்கு நீந்திப் போய்த் திரும்புவது எங்கள் சிறுவயதுப் பந்தயம். ஓட்டத்தோடு போகும்போது கையைச் சும்மா அசைத்தாலே போதும். திரும்பும்போது அதே கை, அதே வீச்சு, ஆனால் கரையில் இருக்கும் புளியமரம் நகரவே நகராது. நீந்துகிறவனுக்குத் தண்ணீரில் தன் வேகம் எப்போதும் ஒன்றுதான். தண்ணீரே நகர்வதால் கரையைப் பொறுத்த வேகம் மாறிவிடுகிறது. விமானத்துக்குக் காற்று அப்படித்தான். எதிர்காற்றில் சைக்கிள் மிதிப்பவனைப் போல அது முகத்தில் அடி வாங்கித் திணறுவதில்லை. காற்று என்கிற ஆற்றுக்குள் தன் வேகத்தில் நிம்மதியாகப் போகிறது. அந்த ஆறு எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதுதான் கேள்வி.

அத்தையின் பயணத்துக்கு இதைப் பொருத்திப் பார்க்கலாம். திருச்சியிலிருந்து துபாய் நேர்க்கோட்டில் 2,950 கி.மீ. அளவு. வான்வழிகள் சற்று வளைந்து போவதால் 3,050 என்று வைத்துக்கொள்ளலாம். திருச்சிக்கு வந்துபோகிற, நடுவில் ஒரே நடைபாதை உள்ள விமானங்கள் காற்றுக்குள் மணிக்கு 840 கி.மீ. போலப் போகும். காற்றே இல்லாவிட்டால் 3 மணி 38 நிமிடம். வழி முழுக்கச் சராசரியாக 70 கி.மீ. எதிர்காற்று இருந்தால் தரையைப் பொறுத்த வேகம் 770 ஆகிவிடும், 3 மணி 58 நிமிடம் பிடிக்கும். அதே காற்று முதுகில் தள்ளினால் வேகம் 910, நேரம் 3 மணி 21 நிமிடம். டிக்கெட்டில் இருந்த 35 நிமிட வித்தியாசம் ஏறக்குறைய இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. அதாவது தை மாதத்தின் வழக்கமான காற்றை நிறுவனம் முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் நேரத்தை அச்சிட்டிருக்கிறது. அந்தக் காற்று யாருடைய இணைப்பையும் கெடுக்காது. அதற்கு மேல் வீசுவதுதான் கெடுக்கும்.

அன்று வீசியது, நான் கணக்குப் போட்டுப் பார்த்தவரை, சராசரியாக 120 கி.மீ. அளவு. வேகம் 720க்கு இறங்கியது. பறந்த நேரம் 4 மணி 14 நிமிடம். ஆக, காற்றால் கூடுதலாக ஆனது 16 நிமிடம் மட்டுமே. அதில் 7 நிமிடத்தை நிறுவனம் சேர்த்துவைத்திருந்த உபரி விழுங்கிக்கொண்டது. பாக்கி 9 நிமிடம்.

ஒன்பது நிமிடத்தில் யாராவது விமானத்தைத் தவறவிடுவார்களா? அத்தை விட்டார். எப்படி என்றால், காலைப் பனிமூட்டத்தால் திருச்சியிலேயே 22 நிமிடம் தாமதம். மொத்தம் 31. துபாயில் விமானம் நின்றபோது 11.06. லண்டன் விமானம் 11.55க்கு. இன்னும் 49 நிமிடம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கேட்டை 20 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். அப்படியானால் 29. அத்தைக்கு 27ஆம் வரிசை. முன்னால் இருக்கிறவர்கள் எல்லாம் மேலே வைத்த பையை எடுத்து இறங்கி முடிய 15 நிமிடம். மிச்சம் 14. அதற்குள் மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை. அங்கே அத்தையின் கைப்பையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுக்கச் சொல்லி, முகர்ந்து பார்த்து, குப்பையில் போட்டிருக்கிறார்கள். கேட்டுக்கு அவர் போய்ச் சேர்ந்தது 11.39க்கு. நாலு நிமிடத்தில் போயிற்று. ஊறுகாய் இல்லாவிட்டால் பிடித்திருப்பார் என்று மாமா இன்றும் சொல்கிறார். இருக்கலாம்.

பனியில் தாமதமானதை விமானி பறக்கும்போது ஈடுகட்டியிருக்கக் கூடாதா என்று என்னிடம் பலர் கேட்டிருக்கிறார்கள். விமானத்தின் வேகத்தைக் கூட்ட அதிக இடமில்லை. ஏற்கெனவே உச்சத்துக்குப் பக்கத்தில்தான் பறக்கிறது. இன்னும் அழுத்தினால் எரிபொருள் தாறுமாறாகச் செலவாகும், கிடைப்பதோ சில நிமிடம். தாமதமாகக் கிளம்பியும் நேரத்துக்கு வந்துவிட்டது என்று நாம் வியக்கும் பயணங்கள் பெரும்பாலும் உபரி நேரமும் பின்காற்றும் சேர்ந்து காப்பாற்றியவை. எதிர்காற்று பலமான நாளில் அந்த உதவி கிடைக்காது. தாமதமும் எதிர்காற்றும் ஒரே நாளில் சேர்ந்துவிட்டால் எதுவும் மீளாது. அத்தைக்கு நடந்தது இதுதான்.

மாமாவிடம் இந்தக் கணக்கைக் காட்டியபோது, "இதற்கு ஏன் இவ்வளவு தாள்? பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுற்றுகிறது, அதனால் கிழக்கே வருவது சுலபம். அவ்வளவுதான்" என்றார். நம் ஊரில் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். பூமி மட்டும் அடியில் நழுவிக்கொண்டிருந்தால், மேற்கே இருக்கும் துபாய் அல்லவா நம்மை நோக்கி வர வேண்டும்? மேற்கே போவதுதானே சீக்கிரம் முடிய வேண்டும்? நம் அட்சரேகையில் தரை மணிக்கு 1,600 கி.மீ.க்கு மேல் கிழக்கே ஓடுகிறது. காற்றும் கூடவே ஓடுவதால்தான் நம் வீட்டுக் கூரை தங்கியிருக்கிறது. சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு, ஆனால் சுற்றி வளைத்துத்தான். குளிர்காலத்தில் தெற்கே வெப்பம், வடக்கே ஆசியாவின் நிலப்பரப்பில் கடுங்குளிர். மேலே வடக்கு நோக்கிப் போகும் காற்றைப் பூமியின் சுழற்சி வலப்பக்கம், அதாவது கிழக்கே திருப்பிவிடுகிறது. பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில், வட இந்தியாவுக்கும் பாரசீக வளைகுடாப் பக்கத்துக்கும் மேலாக, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஒரு காற்றாறு உருவாகிறது. ஜெட் காற்று என்பது இதைத்தான். அதன் நடுவில் மணிக்கு 200 கி.மீ.யைத் தொடுவது குளிர்காலத்தில் சாதாரணம்.

திருச்சியில் கிளம்பும் விமானத்துக்கு முதல் ஒன்றரை, இரண்டு மணி நேரம் இது தெரியவே தெரியாது. நம் தலைக்கு மேல் அப்போது பெரிய காற்று இல்லை. அரபிக் கடலைத் தாண்டி வடமேற்கே ஏற ஏறத்தான் ஆற்றுக்குள் இறங்குகிறது. இருக்கைக்கு முன்னால் திரை இருந்தால் `Ground speed` என்ற எண்ணைக் கவனித்துப் பாருங்கள். கடைசிப் பகுதியில் இறங்கிக்கொண்டே போகும். விமானம் மெதுவாகிவிட்டதாகத் தோன்றும். உள்ளே எந்த மாற்றமும் தெரியாது.

இவ்வளவையும் படித்துவிட்டு, "மேற்கே போனால் தாமதம், கிழக்கே போனால் சீக்கிரம்" என்று ஒரு விதியை மனதில் எழுதிக்கொண்டேன். ஆறு மாதத்தில் அந்த விதி என் மூக்கை உடைத்தது.

நீடாமங்கலம் பக்கத்துப் பையன் ஒருவன் ஆடி மாதத்தில் கோலாலம்பூர் வழியாகச் சரவாக் பக்கம் வேலைக்குப் போக வந்தான். செலவைக் குறைக்க இரண்டு தனித்தனி டிக்கெட். கிழக்கே போகிறான், காற்று தள்ளிவிடும் என்று நினைத்து இரண்டரை மணி நேர இடைவெளி போதும் என்றேன். விமானம் 25 நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. தனி டிக்கெட் என்பதால் குடியேற்றச் சோதனையில் நின்று, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் வரிசைக்கு ஓட வேண்டும். அவன் ஓடிப்போய் நின்றபோது கவுண்டரை மூடிவிட்டார்கள். இரண்டாவது விமானத்தின் கணக்கில் அவன் வராத பயணி. பணம் போயிற்று. அத்தைக்காவது ஒரே டிக்கெட் என்பதால் சாப்பாட்டுச் சீட்டும் கொடுத்து அன்று இரவு விமானத்தில் ஏற்றிவிட்டார்கள்.

அவன் போன நாள் வாசலில் ஆடிக்காற்று வாழையைச் சாய்த்துக்கொண்டிருந்தது. எல்லாத் தோப்பிலும் மூங்கில் முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மியைப் பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் அந்தக் காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசுவது. அது அவனைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டாமா? இல்லை. தரைக்காற்று விமானம் ஏறும், இறங்கும் திசையைத்தான் தீர்மானிக்கும். திருச்சி ஓடுபாதை கிழக்கு மேற்காக இருப்பதால் ஆடியில் மேற்கு முகமாகவும், ஐப்பசி கார்த்திகையில் வாடைக்கு எதிராகக் கிழக்கு முகமாகவும் பெரும்பாலும் இறங்குவார்கள். பறக்கும் உயரத்தில் கதை வேறு.

ஆடி மாதத்தில் திபெத் பீடபூமி வெயிலில் காய்ந்து, அதற்கு மேலிருக்கும் காற்று, தெற்கே கடலுக்கு மேலிருப்பதைவிட வெப்பமாகிவிடுகிறது. குளிர்காலத்தின் ஏற்பாடு தலைகீழாகிறது. அதனால் தென்னிந்தியாவுக்கு மேலே, உயரத்தில், காற்று கிழக்கிலிருந்து மேற்கே ஓடுகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை இருக்கும் இதற்குக் கீழை ஜெட் காற்று என்று பெயர். 1950களில் இதை ஆராய்ந்து எழுதியவர்களில் முக்கியமானவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டேஸ்வரம். இந்தக் காற்றின் உச்சம் விமானங்கள் பறக்கும் உயரத்துக்கும் மேலே, 14 முதல் 16 கி.மீ.யில் இருக்கிறது. 11, 12 கி.மீ.யில் அதன் அடிப்பகுதிதான் படும். ஆனாலும் மணிக்கு 60, 80 கி.மீ. சாதாரணமாக இருக்கும். வாழையைச் சாய்க்கும் காற்று ஒரு பக்கம் போக, அதற்கு நேர் மேலே அதைவிட வலுவான காற்று எதிர்ப்பக்கம் போகிறது. இது தெரிந்த நாளிலிருந்து ஆடியில் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியவில்லை. மிக உயரத்தில் மெல்லிய மேகம் கண்ணில் பட்டால், கீழே தென்னை சாயும் திசைக்கு எதிராக அது நகர்வதைச் சில நாள் பார்க்கலாம்.

எனவே டெல்டாக்காரர்களுக்கு ஒரே விதி போதாது. தையில் வளைகுடாவுக்குப் போகும் வழி இழுக்கும். ஆடியில் சிங்கப்பூர், மலேசியா போகும் வழி இழுக்கும், திரும்பும் வழி சுருங்கும். தையில் சிங்கப்பூர் போகிறவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது, ஏனென்றால் அந்தத் தெற்கு வழியில் அப்போது பலமான ஜெட் காற்று இல்லை.

இப்போது டிக்கெட் போடும்போது நான் முதலில் செய்வது அந்தக் கழித்தல்தான். போகும் நேரம், வரும் நேரம், வித்தியாசம். அரை மணி வித்தியாசம் இருந்தால், அந்தப் பருவத்தில் அந்த வழியில் காற்று பலமாக இருக்கிறது என்று நிறுவனமே சொல்கிறது என்று பொருள். காற்று பலமான வழியில் நாளுக்கு நாள் ஏற்ற இறக்கமும் கூடுதலாக இருக்கும். கால அட்டவணை மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறும் என்பதால், ஆடியில் உட்கார்ந்து தைக்கு டிக்கெட் போடுகிறவர் ஆடி நேரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது. பயணத் தேதியையே போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கழித்தல் எல்லா இடத்திலும் காற்றை மட்டும் காட்டாது என்பதும் உண்மை. நெரிசலான விமான நிலையத்துக்கு இறங்கும் பக்கம் நிறுவனம் உபரி நேரத்தைக் கூட்டிப் போடும். வழியே சுற்று வழியாகவும் இருக்கலாம். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபின் தில்லியிலிருந்து மேற்கே போகும் நம் விமானங்கள் அப்படித்தான் சுற்றின.

இரண்டாவது, இணைப்புக்கு முன்னால் வரும் பயணம் எவ்வளவு நீளம் என்று பார்ப்பேன். அத்தையின் நாலு மணிப் பயணத்தில் காற்று 50 கி.மீ. கூடியதற்கு 16 நிமிடம்தான் போயிற்று. துபாயிலிருந்து நியூயார்க் 11,000 கி.மீ. அவ்வளவு தூரத்துக்கும் அதே 50 கி.மீ. கூடினால் ஐம்பது நிமிடம் போய்விடும். பாதை வகுக்கிறவர்கள் காற்றின் மையத்தை விலக்கி வழி போடுவதால் பெரும்பாலும் அவ்வளவு ஆகாது. ஆனாலும் அமெரிக்காவில் இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, உள்நாட்டு விமானம் பிடிக்கிறவருக்கு இரண்டு மணி நேரம் என்று யாராவது டிக்கெட் போட்டால் நான் கிழித்துப் போடுவேன். திரும்பி வரும்போது அதே நீளப் பயணம் பின்காற்றில் வருவதால், வளைகுடாவில் குறைந்த இடைவெளியும் பெரும்பாலும் தாங்கும். போவதற்கும் வருவதற்கும் ஒரே அளவு இடைவெளி பார்த்துப் போடுவது வீண் என்பது என் கட்சி. காற்று எவ்வளவு மதிப்புள்ளது என்பதற்கு ஓர் உதாரணம்: 2016 அக்டோபரில் ஏர் இந்தியா தில்லி–சான் பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் வழியிலிருந்து பசிபிக் வழிக்கு மாற்றியது. தூரம் ஆயிரம் கி.மீ.க்கு மேல் கூடியது. நேரமோ ஏறத்தாழ இரண்டு மணி குறைந்தது. இரண்டு பக்கமும் பின்காற்றிலேயே போய் வர, உலகத்தையே சுற்றிவிட்டார்கள்.

பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு `earth.nullschool.net` திறந்து, உயரத்தில் `250` என்பதைத் தேர்ந்து பார்ப்பேன். ஏறக்குறைய விமானம் பறக்கும் உயரத்துக் காற்று கோடு கோடாக ஓடுவது தெரியும். ஜெட் காற்றின் பட்டை வழக்கத்தைவிடத் தெற்கே இறங்கி அரபிக் கடலுக்கு மேல் கிடந்தால் வளைகுடாப் பயணிக்குப் போன் போட்டுவிடுவேன். டிக்கெட்டை மாற்ற முடியாவிட்டாலும் இருக்கையை மாற்றலாம். 27ஆம் வரிசையிலிருந்து 5ஆம் வரிசைக்கு வந்தாலே பத்து நிமிடம் மிச்சம். அத்தை தவறவிட்டது நாலு நிமிடத்தில். விமானம் இறங்குவதற்கு முன்பே பணிப்பெண்ணிடம் அடுத்த விமானத்தின் நேரத்தைச் சொல்லிவிட்டால் சில சமயம் முன்னால் இறங்க விடுவார்கள். பெட்டி ஏறியிருக்குமா என்று கவலைப்பட வேண்டியதில்லை. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அது பின்னாலேயே வந்துவிடும்.

அத்தை சித்திரையில் திரும்பினார். துபாயிலிருந்து திருச்சிக்கு அட்டவணை நேரத்துக்கு 18 நிமிடம் முன்பே வந்து சேர்ந்துவிட்டார். நான் வெளியே நின்று வடை தின்றுகொண்டிருந்தேன், பெட்டியைத் தள்ளிக்கொண்டு எதிரில் வந்து நின்றார்.

போன வாரம் கடைக்கு வந்தார். பேரனுக்கு முதல் பிறந்தநாள், மறுபடி தையில்தான் போக வேண்டும். நான் கணினியைத் திறப்பதற்கு முன், "போவதற்கு எத்தனை, வருவதற்கு எத்தனை, முதலில் கழித்துச் சொல்லு" என்றார். 35 என்றேன். "அப்படியானால் நடுவில் மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் போடு" என்றார். 3 மணி 10 நிமிடத்தில் ஒன்று கிடைத்தது, ஆயிரத்தி எழுநூறு ரூபாய் கூடுதல். 5ஆம் வரிசையில் ஓர இருக்கையும் எடுத்தேன். ஊறுகாயை இந்தத் தடவை பெரிய பெட்டியில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.